குறிப்பில்லாமல் ஒட்டி அனுப்பிய உரை: சுருக்கமா, திருத்தமா, மொழிபெயர்ப்பா?

புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒரு நீண்ட உரை வந்து விழுகிறது. மேலே வணக்கம் இல்லை, கீழே வேண்டுகோள் இல்லை, நடுவில் இருப்பது உரை மட்டும்தான். அனுப்பியவரைப் பொறுத்தவரை அந்தச் செய்தி முழுமையானது. ஏனென்றால் காலையில் வீட்டில் யாரிடமோ அதைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார், அந்த யாரோ நாம் இல்லை என்பது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. பினாங்கு லெபோ பாசாருக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறி வர வேண்டிய ஓர் அறையில், தட்டச்சு, கடிதம் எழுதித் தருதல், தமிழ் மலாய் மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் செய்துவருகிற எனக்கு இது வாரத்தில் நாலைந்து முறை நடக்கிறது. தவறாக ஊகித்துச் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது என்பதால், அறிகுறியைப் பார்த்து வகை பிரிக்கும் இந்த முறையை எழுதி வைத்திருக்கிறேன். எளிய சோதனை முன்னால் இருக்கும், நேரமும் பணமும் செலவாகும் சோதனை பின்னால் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

உரையைப் படிக்கத் தொடங்கும் முன் அதே உரையாடலில் மேலே நகர்த்திப் பாருங்கள். மூன்று நாளைக்கு முன் "அண்ணே, கோயில் அறிக்கை ஒண்ணு அனுப்புறேன், பிழை பாருங்க" என்று அவர் சொல்லியிருப்பார், நாம் சரி என்று ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பியிருப்போம். குரல் பதிவு இருந்தால் அதையும் கேட்டுவிடுங்கள். எழுதச் சோம்பல்படுகிறவர்கள் விருப்பத்தைக் குரலில் சொல்லி உரையைத் தனியாக ஒட்டுவார்கள், நாம் பேருந்தில் இருந்தபடியால் கேட்காமல் விட்டிருப்போம். எனக்கு வருகிற குறிப்பில்லா உரைகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே தெளிந்துவிடுகின்றன.

மேலே ஒன்றும் இல்லை என்றால், உரையின் முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் மட்டும் படியுங்கள். அப்போது மனத்தில் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த உரையை இனிமேல் படிக்கப் போகிறவர் யார்? அனுப்பியவர் தாமே புரிந்துகொள்வதற்காக அனுப்பியிருந்தால் அவருக்கு வேண்டியது சுருக்கம், அல்லது விளக்கம். வேறொருவர் கையில் கொடுப்பதற்காக அனுப்பியிருந்தால், அந்த வேறொருவருக்கு உரையின் மொழி தெரியுமா என்று பார்க்க வேண்டும். தெரியுமானால் திருத்தம், தெரியாதானால் மொழிபெயர்ப்பு. கீழே வரும் கிளைகள் எல்லாம், அனுப்பியவரைத் தொந்தரவு செய்யாமல் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தாம்.

அறிகுறி 1: உரை மலாயில் இருக்கிறது, அனுப்பியவர் நம்மிடம் தமிழில் பேசுகிறவர்

இதைக் கண்டதும் மொழிபெயர்ப்பு என்று முடிவு கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நானும் பல காலம் செய்தேன். மொழி வேறாக இருப்பது மட்டும் ஒன்றையும் சொல்லிவிடாது. அந்த உரை அவரிடம் வந்த உரையா, அவரிடமிருந்து போகப் போகிற உரையா என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

*வந்த கடிதத்தின் அடையாளம்.* அலுவலகத்திலிருந்து வரும் மலாய்க் கடிதத்தின் தலையில் "ருஜுக்கான் காமி", அதாவது எங்கள் மேற்கோள் எண், என்ற வரி நிரப்பப்பட்டு இருக்கும். தேதி முழுமையாக இருக்கும். "துவான்/புவான்" என்று பெயர் தெரியாதவரை விளிக்கும். இறுதியில் பதவியுடன் ஒரு பெயர் இருக்கும், அல்லது இது கணினியில் அச்சான கடிதம், கையெழுத்துத் தேவையில்லை என்ற வரி இருக்கும். இன்னொரு நல்ல தடயம் வரி முறிவு. வாக்கியம் முடியாமலே ஒவ்வொரு வரியும் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால், நடுவில் பக்க எண் ஒன்று தனியாக நின்றால், அது பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தது என்று பொருள். பிடிஎஃப் ஆக்கப்பட்ட உரை பெரும்பாலும் எழுதி முடிந்த உரை; அதைத் திருத்தித் தரும்படி யாரும் கேட்பது அரிது.

வந்த கடிதம் என்று தெரிந்துவிட்டால், வயதானவர்களிடமிருந்து வருவதில் பத்துக்கு எட்டு விளக்கம் வேண்டித்தான் வருகிறது என்பது என் மேசைக் கணக்கு. கணவர் தவறிப்போன ஓர் அம்மா, கடன் பாக்கி பற்றி வந்த மலாய்க் கடிதத்தை அனுப்பினால், அதை வரிக்கு வரி தமிழாக்கித் தருவதில் அவருக்குப் பயன் குறைவு; சட்டத் தமிழ் அவருக்கு மலாயைப் போலவே அந்நியமாக இருக்கும். அவருக்கு வேண்டியவை நான்கு: அனுப்பியது யார், கேட்பது என்ன, தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள். இந்த நான்கில் தேதியை நான் முதலில் எழுதுகிறேன். "டாலாம் தெம்போ 14 ஹாரி" என்ற தொடர் உரையில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்தப் பதினான்கு நாள் கடிதத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறதா, கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறதா என்று அடுத்த சொற்களைப் படித்துப் பார்க்க வேண்டும். கடிதம் ஒரு வாரம் தபால் பெட்டியில் கிடந்திருந்தால் இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் உண்டு.

அதே கடிதத்தை முப்பது வயதுக்காரர் அனுப்பினால் நிலைமை மாறுகிறது. தேசியப் பள்ளியிலோ தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு இடைநிலைப்பள்ளியிலோ படித்த அவருக்கு மலாய் நன்றாகவே தெரியும். படிக்கத் தெரிந்த கடிதத்தை அவர் நமக்கு அனுப்புவது, வீட்டில் அம்மாவுக்கோ கோயில் நிர்வாகத்துக்கோ தமிழில் கொடுக்க வேண்டியிருப்பதால் இருக்கலாம். இங்கேதான் மொழிபெயர்ப்பு. அல்லது அவர் இதற்குப் பதில் எழுத நினைக்கிறார், பதிலை எழுதித் தர வேண்டும் என்று எண்ணுகிறார். கேட்க மறந்த நான்காவது வேலை இது, சுருக்கம், திருத்தம், மொழிபெயர்ப்பு மூன்றிலும் சேராதது, ஆனால் கடிதத்தின் இறுதியில் "தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

செய்தியின் மேல் "Forwarded" என்ற சிறு சொல்லும் அம்புக்குறியும் இருந்தால் அதையும் கவனியுங்கள். அது இருந்தால் உரை வேறோர் உரையாடலிலிருந்து தள்ளிவிடப்பட்டது, அனுப்பியவர் விரல் வைத்துத் தட்டியது அன்று. அது இல்லாததால் மட்டும் அவர் எழுதியது என்று சொல்லிவிட முடியாது. நகலெடுத்து ஒட்டினால் அந்த அடையாளம் வருவதில்லை.

*போகப் போகிற கடிதத்தின் அடையாளம்.* இந்தக் கிளையை நான் கற்றுக்கொண்டது ஒரு தைப்பூசத்துக்கு முன்னால். பெருநாள் நெருங்கிய ஒரு திங்கட்கிழமை மாலையில், ஜாலான் உத்தாமா பக்கம் தண்ணீர்ப் பந்தல் போடுகிற குழுவின் செயலாளர், பணி ஓய்வு பெற்றவர், ஏறக்குறைய இருபது வரி மலாய் உரையை ஒட்டி அனுப்பினார். தலைப்பில் மாநகர் மன்றம், பந்தல், தைப்பூசம் என்ற சொற்கள் கண்ணில் பட்டன. மாநகர் மன்றம் ஏதோ நிபந்தனை விதித்துக் கடிதம் போட்டிருக்கிறது, அவர் குழுவில் படித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று நானாக ஒரு கதையைக் கட்டி, ஆறு வாக்கியத்தில் தமிழ்ச் சுருக்கம் எழுதி அன்றிரவே அனுப்பிவிட்டுத் தூங்கினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு அழைத்தார்.

"தம்பி, நான் எழுதுன கடிதத்துல என்ன இருக்குன்னு எனக்கே சொல்றீங்களே?"

அது அவர் எழுதிய விண்ணப்பக் கடிதம். மதியத்துக்குள் முகப்பிடத்தில் கொடுக்க வேண்டும். மலாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அனுப்பியிருந்தார்.

அதன் பிறகு உரையை நிதானமாகப் படித்தபோது, தடயம் ஒவ்வொன்றும் முதல் பார்வைக்கே தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மேற்கோள் எண் இல்லை. தேதி இடத்தில் ஐந்தாறு புள்ளிகளும் அதற்குப் பின்னால் மாதப் பெயரும் மட்டும் இருந்தன, நாளைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். எழுவாய் முழுக்க "காமி"; அந்த "நாங்கள்" கேட்கிறது, கட்டளை இடவில்லை, வினைச்சொல்லும் "மெமோஹோன்", அதாவது விண்ணப்பிக்கிறோம். "செக்கியான், தெரிமா காசே" என்று முடிந்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. வரி எதுவும் நடுவில் உடைந்திருக்கவில்லை. இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தாலே அது எழுதிக்கொண்டிருக்கும் உரை என்று இப்போது எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் பாரங்களிலும் புள்ளி இட்ட இடம் இருக்கும்.

திருத்தம்தான் வேலை என்று தெரிந்த பிறகும் அந்தக் கடிதத்தில் என் கையால் தொடக்கூடாத இடங்கள் இருந்தன. அனுமதிக்கு ஓரிடத்தில் "கெபெனாரான்" என்றும் இன்னோரிடத்தில் "கெலுலுசான்" என்றும் எழுதியிருந்தார். முன்னது இசைவு, பின்னது ஒப்புதல் என்ற சாயல் கொண்டது, இரண்டும் மலாயில் பிழையில்லை. எதை வைப்பது என்பதை என் விருப்பத்துக்கு விடாமல், விண்ணப்பத்துடன் அவர் நிரப்ப வேண்டிய பாரத்தில் எந்தச் சொல் அச்சாகி இருக்கிறதோ அதையே கடிதம் முழுதும் வைத்தேன். "புகுல் 6.00 ஹிங்கா 12.00" என்று நேரம் எழுதியிருந்தார், காலையா மாலையா என்ற சொல் இல்லை. பந்தலோ இரவிலும் நடப்பது. இதை ஊகித்து நிரப்பினால் அது திருத்தத்தின் எல்லையைத் தாண்டிவிடும் என்பதால் அவரிடமே கேட்டேன். மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை என்றார். நான் ஊகித்திருந்தால் காலை என்று போட்டிருப்பேன்.

அறிகுறி 2: உரை தமிழில் இருக்கிறது, அனுப்பியவருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும்

மொழிபெயர்ப்பை ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். உடனே ஒதுக்க வேண்டாம். முதலில் நீளம் பாருங்கள்.

ஒரு திரைக்குள் அடங்குகிற உரையானால் பெரும்பாலும் திருத்தம்; அவ்வளவு சிறியதைச் சுருக்கித் தரச் சொல்லி யாரும் இன்னொருவரை நாடுவதில்லை. நன்றியுரை, நினைவஞ்சலி, பெற்றோர் ஆசிரியர் சங்க அறிவிப்பு போன்றவை இப்படி வரும். ஒரே வாக்கியம் இரண்டு விதமாக அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தால், எது நன்றாக இருக்கிறது என்று கேட்கிறார் என்று பொருள், அங்கே ஒன்றை அழித்துவிட்டு மற்றதைத் திருத்தி அனுப்பினால் கோபித்துக்கொள்வார். உரை திடீரென்று சொல்லின் நடுவில் நின்றால், முழுவதும் ஒட்டப்படவில்லை. வேலையைத் தொடங்காமல் மீதியைக் கேளுங்கள்.

பல திரை நீளமானால், எழுதியது அவரா என்று பார்க்க வேண்டும். அவர் நமக்கு எழுதும் செய்திகளில் அவருடைய பழக்கங்கள் தெரியும்: ஒற்று போடுவாரா, "இருக்கிரது" என்று எழுதுகிறவரா, நிறுத்தற்குறிக்கு முன் இடம் விடுகிறவரா. அந்தப் பழக்கம் உரையிலும் இருந்தால் அவர் எழுதியது, திருத்தம் வேண்டும். உரை ஒற்றும் சந்தியும் பிசகாமல் வேறொரு கையின் நடையில் ஓடினால், அவர் படிக்க நேரமில்லாமல் அனுப்பியிருக்கிறார், சுருக்கம் வேண்டும். ஆளைத் தெரிந்தவருக்கு இது மிக நல்ல சோதனை. புதியவர் அனுப்பியதற்கு உதவாது.

மொழிபெயர்ப்பை ஒதுக்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இது: தமிழ் தெரிந்த செயலாளர், தமிழில் கூட்டக் குறிப்பை எழுதி, சங்கப் பதிவகத்துக்கு மலாயில் கொடுப்பதற்காக அனுப்புவதுண்டு. உரையில் பதிவு எண், பொறுப்பாளர் பட்டியல், ஆண்டுப் பொதுக்கூட்ட நாள் ஆகியவை வந்தால் அதைப் படிக்கப் போகிறவர் அலுவலகத்தில் இருக்கிறார் என்று ஊகிக்கலாம். இந்த ஊகத்தை மட்டும் நான் சோதிக்காமல் நம்புவதில்லை, ஏனென்றால் மொழிபெயர்ப்புக்கு ஆகும் நேரம் திருத்தத்தைப் போல மூன்று மடங்கு.

அறிகுறி 3: உரை தமிழில் இருக்கிறது, அனுப்பியவருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இது அரிதே அன்று. இங்கே இரண்டே வாய்ப்பு. பாட்டி எழுதிய கடிதம், பழைய திருமண அழைப்பிதழ், ஊரிலிருந்து வந்த செய்தி என்றால் பொருள் தெரிய வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் போதும். இரங்கலுரை, வாழ்த்துரை, தேவாரப் பாடல் என்றால் அவர் அதை மேடையில் தாமே சொல்லப் போகிறார். அவருக்கு வேண்டியது மொழிபெயர்ப்பே அன்று, அதே தமிழை ரூமி எழுத்தில், அதாவது மலாய்க்குப் பயன்படுத்தும் எழுத்தில், எழுதித் தருவது. வாயால் சொல்லும் உரையா, கண்ணால் படிக்கும் உரையா என்று பார்த்தால் பிரித்துவிடலாம். "சபையோருக்கு வணக்கம்" என்று தொடங்கினால் சந்தேகமே இல்லை.

அறிகுறி 4: ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரமும் பெயரும் இருக்கிறது

```
[9:14 PM, 2/3/2025] பொருளாளர்: ரசீது இன்னும் வரலை
[9:15 PM, 2/3/2025] செயலாளர்: நாளைக்குச் சொல்றேன்
```

இது உரையாடல் குழுவிலிருந்து பல செய்திகளைச் சேர்த்து நகலெடுத்தது. கிட்டத்தட்ட எப்போதும் சுருக்கம்தான் வேண்டும், அதிலும் யார் என்ன சொன்னார் என்பதைவிட என்ன முடிவானது என்பது. முடிவு எதுவும் ஆகவில்லை என்றால் அதையே எழுத வேண்டும். இரண்டு பேர் ஒத்துப்போனதை முடிவு என்று நாம் எழுதிவிட்டு, அது அந்தக் குழுவுக்கே திரும்பப் போனால் சண்டைக்கு நாம் காரணமாகிவிடுவோம். ஒரே ஒரு விதிவிலக்கு: செய்திகள் ஐந்தாறு மட்டும் இருந்து, கடைசிச் செய்தி அனுப்பியவரை நோக்கிய கேள்வியாக இருந்தால், அவர் பதில் எழுத உதவி கேட்கிறார்.

அறிகுறி 5: உரையில் இரண்டு மொழி மாறி மாறி வருகிறது

பத்திக்குப் பத்தி மலாயும் தமிழும் ஒரே செய்தியைச் சொன்னால், மொழிபெயர்ப்பு ஏற்கெனவே நடந்துவிட்டது, ஒப்பிட்டுச் சரிபார்க்க அனுப்பியிருக்கிறார். எண்களிலிருந்து தொடங்குங்கள்: தேதி, தொகை, வீட்டு எண். அவை இரண்டிலும் பொருந்தினால் பிறகு வாக்கியங்களுக்குப் போகலாம். பாதி வரை தமிழ், அதன் பின் மலாய் மட்டும் என்றால், மொழிபெயர்க்கத் தொடங்கி நடுவில் மலைத்து நின்றுவிட்டார். அவர் நின்ற வாக்கியத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சட்டச் சொல்லோ மருத்துவச் சொல்லோ இருக்கும். அப்படி இருந்தால் மீதி முழுவதையும் செய்வதற்கு முன், அந்த ஒரு சொல் மட்டும்தான் வேண்டுமா என்று கேட்டுவிடுவது நல்லது. எனக்கு ஒருமுறை ஒரு முழுப் பக்கம் வீணாகாமல் தப்பியது இப்படித்தான்.

அறிகுறி 6: உரையைப் படிக்கவே முடியவில்லை

```
jkpo;
```

இப்படி வந்தால் அது மறைகுறியீடு ஒன்றும் இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த "தமிழ்" என்ற சொல்தான், எழுத்துருவை இழந்து வந்திருக்கிறது. பழைய கோயில் மலர்களையும் அச்சகக் கோப்புகளையும் நகலெடுத்தால் இப்படித்தான் வரும். எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றில் இட்டு, பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றினால் தெளிந்துவிடும். சரியாக மாறியதா என்று பார்க்க, "ஸ்ரீ", "ஔ" போன்று அதிகம் புழங்காத எழுத்து உள்ள சொற்களைப் பாருங்கள், அவைதாம் முதலில் கெடும். பிடிஎஃப்பிலிருந்து வந்த தமிழில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னோ பின்னோ பிரிந்து தனியாக நின்றால் அந்த மென்பொருள் உதவாது, கையால்தான் சேர்க்க வேண்டும்.

அனுப்பியவர் வேண்டுவது இது மட்டுமாகவே இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது. படிக்கும்படியாக்கி அனுப்பிவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் அவரே சொல்வார், ஏனென்றால் இப்போது அவராலும் அதைப் படிக்க முடியும்.

அறிகுறி 7: எந்தத் தடயமும் இல்லை, அல்லது தடயங்கள் முரண்படுகின்றன

இப்போது கேட்டுத்தான் ஆக வேண்டும். "என்ன செய்யணும்?" என்று கேட்காதீர்கள். "பார்த்துக் கொடுங்க" என்று பதில் வரும், நம் ஊரில் அந்தத் தொடருக்குத் திருத்துவது, படிப்பது, மொழிபெயர்ப்பது, சும்மா ஒரு கண் போடுவது என்று எல்லாப் பொருளும் உண்டு. "சுருக்கமா, திருத்தமா, மொழிபெயர்ப்பா?" என்று கேட்பதும் அவ்வளவு பயன் தருவதில்லை, வேலையின் பெயர் நமக்குத்தான் தெரியும், அவருக்கு அவருடைய தேவைதான் தெரியும். நான் இப்படி எழுதுகிறேன்: "ஐயா, இது உங்களுக்குப் புரிஞ்சாப் போதுமா, இல்லை யார்கிட்டயாவது கொடுக்கணுமா?" கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி: "அவங்க என்ன மொழியில படிப்பாங்க?" இந்த இரண்டு கேள்விக்குப் பிறகும் தெளியாத உரை எனக்கு இதுவரை வரவில்லை.

பதில் வரவில்லை, நேரமும் நெருங்குகிறது என்றால், முதல் பத்தியை மட்டும் செய்து அனுப்புங்கள். அதனுடன் என்ன செய்தோம் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்: "இதைத் திருத்த அனுப்பியதாக நினைத்து முதல் பத்தியைத் திருத்தியிருக்கிறேன், மீதியை உங்கள் பதிலுக்குப் பிறகு தொடர்கிறேன்." அனுப்பியவர்கள் கேள்விக்குப் பதில் சொல்ல மறப்பார்கள், தவறான வேலையைக் கண்டால் உடனே அழைப்பார்கள். எந்தப் பத்தியைத் தேர்ந்தாலும் மூல உரையைத் தொடாமல் நகலில் செய்யுங்கள்; திருத்தம் என்று நினைத்துச் சொற்களை மாற்றிய பிறகு அவர் கேட்டது மொழிபெயர்ப்பு என்று தெரிந்தால், மூலம் அப்படியே வேண்டும்.

எப்போது கைவிட்டு வேறொருவரிடம் அனுப்ப வேண்டும்

உரை நீதிமன்ற அழைப்பாணையாகவோ, வழக்கறிஞர் அனுப்பிய கோரிக்கைக் கடிதமாகவோ இருந்தால், தேதியையும் அனுப்பியவர் பெயரையும் மட்டும் சொல்லிவிட்டு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்கிறேன். கட்டணத்துக்கு வழியில்லாதவரை அரசின் சட்ட உதவித் துறைக்குப் போகச் சொல்கிறேன். இங்கே சுருக்கம் ஆபத்தானது. நான் முக்கியமில்லை என்று விட்ட வாக்கியத்தில்தான் வழக்கு இருக்கும். மருத்துவ அறிக்கையானால், எழுதியவரே மருத்துவமனையில் இருக்கிறார், அவரிடம் கேட்பதே சரி.

தமிழ்நாட்டில் வழங்கிய பிறப்புச் சான்றிதழோ திருமணப் பதிவோ ஒட்டப்பட்டு, அது குடிநுழைவு அலுவலகத்துக்கோ பதிவு அலுவலகத்துக்கோ போகப் போகிறது என்று தெரிந்தால், என் மொழிபெயர்ப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கு முத்திரை இல்லை. சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும், ஐ.டி.பி.எம். எனப்படும் மலேசிய மொழிபெயர்ப்பு மற்றும் நூல் நிறுவனம் அந்தச் சேவையைத் தருகிறது. போவதற்கு முன் அந்த அலுவலக முகப்பிடத்தில், யார் சான்றளித்ததை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டு, பதில் சொன்ன அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொண்டு வரச் சொல்கிறேன். சான்றிதழின் இரு பக்கத்தையும் எடுத்துப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒட்டி அனுப்பிய உரையில் பின்பக்க முத்திரை ஒருபோதும் வருவதில்லை.